மூன்றாவது சிட்டைஸ்வரமும் ஒரு நன்றிக் கடிதமும்

என் மகள் பாட்டு கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஐந்தாவது வருடத்தில் முதல் முறையாக மேடையேறினாள். பத்து வயது. டீச்சரின் மாணவர்கள் எல்லோரும் பாடும் நிகழ்ச்சி அது. சிறியவர்கள் கூட்டமாக கீதம் பாடுவார்கள், கொஞ்சம் தேறியவர்களுக்குத் தனியாகப் பன்னிரண்டு நிமிடம். பக்கத்தில் வயலின், மிருதங்கம். ஒரு மோகன வர்ணமும் ஒரு சின்னக் கிருதியும் பாடினாள். பாட்டு எப்படி இருந்தது என்பதை விட, அது முடிந்த பிறகு டீச்சருக்கு நன்றி சொல்லப் போய் நாங்கள் அடித்த கூத்தையும், அதைப் பிறகு எப்படிச் சரி செய்தோம் என்பதையும்தான் எழுத நினைக்கிறேன். குழந்தையை முதல் முறை மேடையேற்றப் போகிறவர்களுக்கு உதவக்கூடும்.

முதலில் மேடையில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

வர்ணத்தின் முதல் பாதி நன்றாகவே போனது. பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம் என்று முதல் காலத்தில் பாடி, இரட்டை வேகமான இரண்டாம் காலத்திலும் பாடி முடித்தாள். அப்புறம் சரணம். சரணத்தில் சிட்டைஸ்வரம் என்று முன்பே அமைத்த ஸ்வரக் கோவைகள் வரும். ஒவ்வொன்றும் முடிந்ததும் சரண வரிக்குத் திரும்ப வேண்டும், அதுவும் சரியாகச் சமத்தில், அதாவது தாளம் புதிதாகத் தொடங்கும் தட்டில். முதல் இரண்டும் முடிந்தன. மூன்றாவதின் நடுவில் அடுத்த சிட்டைஸ்வரத்தில் வரும் ஒரு பிடி, கிட்டத்தட்ட இதே போல இருக்கும், அதற்குள் போய்விட்டாள். இரண்டு ஸ்வரம் பாடியதுமே தப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குரல் நின்றுவிட்டது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்த மௌனம் ஐந்து நிமிடம் நீண்டது போல இருந்தது. பிறகு ஒலிப்பதிவில் பார்த்தால் ஐந்து வினாடி கூட இல்லை. அவள் அடுத்த சமத்தில் சரண வரியைப் பிடித்து மேலே போய்விட்டாள். நாலாவது சிட்டைஸ்வரத்தைப் பிழையில்லாமல் முடித்தாள், கைதட்டு வாங்கினாள், இறங்கினாள்.

இறங்கியதும் நாங்கள் செய்த முதல் காரியம், டீச்சரிடம் ஓடியது. அடுத்து இன்னும் ஆறு பிள்ளைகள் பாட வேண்டும். அவர் ஒரு கையில் நிகழ்ச்சி நிரலும் மறு கையில் யாரோ ஒரு குழந்தையின் தண்ணீர் பாட்டிலுமாக நின்றுகொண்டிருந்தார். தம்புராவின் சுருதியை அடுத்தவனுக்கு மாற்ற வேண்டும், ஏனென்றால் இவள் ஐந்து கட்டை, அடுத்துப் பாடப் போகிற பையன் ஒன்றரை. அந்த நேரத்தில் போய் என் கணவர் நீளமாக ஆரம்பித்தார். "எல்லாம் உங்க ஆசீர்வாதம் டீச்சர், நீங்க இல்லைன்னா இவ இல்ல" என்று. நான் என் பங்குக்கு, "நடுவுல கொஞ்சம் சொதப்பிட்டா டீச்சர், வீட்ல சரியாத்தான் பாடினா, மன்னிச்சுக்கணும்" என்றேன்.

டீச்சரின் முகம் ஒரு கணம் மாறியதை நான் பார்த்தேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் பாடினா" என்று என்னைச் சமாதானப்படுத்திவிட்டு அந்தப் பையனைத் தேடிப் போய்விட்டார். என் மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் "சொதப்பிட்டா" என்று சொன்னதையும்தான்.

நன்றி சொல்லப் போனவள் மன்னிப்புக் கேட்டால், எதிரே இருப்பவர் நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடுகிறது. அவருக்கு அன்று இருந்த வேலையில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்தது. அதோடு, மேடையிலிருந்து இறங்கி இரண்டு நிமிடம் கூட ஆகாத குழந்தைக்கு அம்மா வாயிலிருந்து வந்த முதல் விமர்சனமும் அதுவே. இதை எனக்குச் சுட்டிக்காட்டியது வேறு யாருமில்லை, அன்று இரவு தூங்கப் போகும்போது அவளே கேட்டாள்: "டீச்சர் கிட்ட நான் சொதப்பிட்டேன்னு ஏம்மா சொன்னே? அவங்கதான் கேட்டுக்கிட்டிருந்தாங்களே?"

அடுத்த தவறு மறுநாள் காலையில். டீச்சரின் மாணவர்களுடைய பெற்றோர் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நீண்ட நன்றியைப் போட்டேன். மகளின் படம், அவள் சிரிப்பு, டீச்சருக்குப் புகழ்ச்சி எல்லாம் அதில் இருந்தது. அரை மணி நேரத்தில் வரிசையாகக் கும்பிடும் கைகள். இன்னொருவர் தன் பையனின் படத்தோடு போட்டார், அப்புறம் இன்னொருவர். நான் தொடங்கி வைத்ததால் மற்றவர்களுக்கும் போட்டாக வேண்டிய கட்டாயம் ஆகிவிட்டது. அந்தக் குழுவிலேயே ஒரு அம்மா இருந்தார். அவருடைய மகளுக்கு முந்தின நாள் காய்ச்சல், பாட முடியவில்லை. அவர் அதில் ஒன்றும் எழுதவில்லை. நான் அவரை நினைக்கவே இல்லை என்பது சாயங்காலம்தான் உறைத்தது. டீச்சரும் பொதுவாக "எல்லா குழந்தைகளுக்கும் பாராட்டுக்கள்" என்று ஒரே வரி எழுதி முடித்துக்கொண்டார். நன்றி ஒருவருக்குத்தான் என்றால் அவருக்கு மட்டுமே போக வேண்டும். குழுவில் சொல்ல வேண்டியது, நாற்காலி அடுக்கியவர்கள், மைக் பார்த்துக்கொண்டவர்கள் போன்ற பொது உதவிகளுக்குத்தான்.

அப்புறம் பரிசு. என் கணவர் மகளும் டீச்சரும் நிற்கும் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டு வந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் கொண்டு போய்க் கொடுக்கும் முன் நான் வகுப்பறைச் சுவரைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தேன். டீச்சரிடம் இருபத்து மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒருத்தியின் படத்தை மட்டும் மாட்டினால் மற்ற இருபத்து இரண்டு வீட்டிலும் பேச்சு வரும், மாட்டாவிட்டால் நாங்கள் வரும்போதெல்லாம் அவருக்குச் சங்கடம். அந்தச் சட்டம் இப்போது எங்கள் வீட்டு அலமாரி மேல் இருக்கிறது. மகள் அதை எடுத்துப் பார்ப்பதே இல்லை என்பது வேறு விஷயம்.

இந்த மூன்று சொதப்பலுக்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். நான் எதற்கு நன்றி சொல்கிறேன்? "ஆசீர்வாதம்", "திறமையை வெளிக்கொண்டு வந்தது", "அர்ப்பணிப்பு" என்று நாங்கள் சொன்னதெல்லாம் எந்த டீச்சருக்கும் பொருந்தும். இதில் இந்த டீச்சர் எங்கே இருக்கிறார்? அதைத் தேடித்தான் ஒலிப்பதிவை எடுத்துக் கேட்டேன். அதில் ஒரு சின்னக் கண்டுபிடிப்பு கிடைத்தது.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நிகழ்ச்சிக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வகுப்பில் டீச்சர் ஒரு விளையாட்டு காட்டிக்கொண்டிருந்தார். அதாவது, நான் அப்போது அப்படித்தான் நினைத்தேன். மகள் நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் "நிறுத்து" என்பார். வாயை மூட வேண்டும், கை மட்டும் தாளத்தை விடக்கூடாது. அந்த இடைவெளியில் டீச்சர் வேண்டுமென்றே புத்தகத்தைக் கீழே போடுவார், என்னிடம் ஏதாவது கேட்பார், ஜன்னலைச் சாத்துவார். சமம் வரும்போது அவள் சரண வரியில் சேர்ந்துகொள்ள வேண்டும். ஒரு ஸ்வரம் முன்னாலோ பின்னாலோ சேர்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து. முக்கால் மணி நேர வகுப்பில் கால் மணி நேரம் இதற்கே போனது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "இந்த நேரத்துல இன்னொரு கிருதி சொல்லிக் கொடுத்திருக்கலாமே டீச்சர்" என்றே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "இவ மேடையில கட்டாயம் எங்கியாவது மறப்பா. மறக்கறது பிரச்சினை இல்ல. மறந்ததும் கை நின்னுடும், அதுதான் பிரச்சினை" என்றார். எனக்கு அன்று அது சரியாகப் படவில்லை. முதல் மேடைக்கு முன்னாலேயே மறப்பாள் என்கிறாரே என்று வருத்தம்கூட.

ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. லகு நாலு: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை. பிறகு இரண்டு திருதம்: தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. விரல் எண்ணுவதற்கும் வீச்சுக்கும் சத்தம் கிடையாது, தட்டுக்கு மட்டும் தொடையில் ஒரு சத்தம் வரும். மேடையில் மகளின் மைக் கொஞ்சம் தாழ்வாக வைத்திருந்ததால் அந்தத் தட்டும் ஒலிப்பதிவில் லேசாகக் கேட்கும். காதுக்குள் பொருத்திக் கேட்டேன். லகுவின் கடைசி எண்ணிக்கையில் குரல் நிற்கிறது. பிறகு ஒரு தட்டு. ஒன்றும் இல்லை. இன்னொரு தட்டு. ஒன்றும் இல்லை. அடுத்த தட்டு சமம், அதோடு சேர்ந்தே குரல்.

கை நிற்கவில்லை! நாலு எண்ணிக்கை, அதில் இரண்டு தட்டு. அரங்கில் நான் அவள் முகத்தையே பார்த்துப் பதறிக்கொண்டிருந்தபோது, அவள் கை டீச்சர் சொன்னபடி போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்ட இடம், டீச்சர் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொடுத்த பாடம் முழுதாக வேலை செய்த இடம். அவர் முகம் ஏன் மாறியது என்பது அப்போது புரிந்தது.

இன்னொன்றும் கேட்டது. அந்த நாலு எண்ணிக்கையில் வயலின் நிற்கவே இல்லை. அந்த அம்மையார் சிட்டைஸ்வரத்தின் மீதியைத் தானே வாசித்து, சமத்தில் கொண்டு வந்து விட்டிருக்கிறார். மிருதங்கக்காரரும் சொல்லைக் குறைத்து, வெறும் சர்வலகுவாக, நடை மட்டும் தெளிவாகக் கேட்கும்படி வாசித்திருக்கிறார். அதனால்தான் முன் வரிசையில் இருந்த பலருக்கு இவள் விட்டதே தெரியவில்லை. இசை தெரியாதவர்களுக்கு இது வயலினுக்கு விட்ட இடம் போலக் கேட்டிருக்கும். அன்று அவர்கள் இருவரிடமும் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் டீச்சரைச் சுற்றி நின்றபோது வயலின்காரர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

இதன் பிறகு எழுதிய கடிதத்தை அப்படியே கீழே தருகிறேன். கையால், ஒரு பக்கத்துக்குள், நிகழ்ச்சி முடிந்து எட்டு நாள் கழித்து.

"டீச்சருக்கு வணக்கம். நிகழ்ச்சி அன்று அவசரத்தில் தப்பான வார்த்தை சொல்லிவிட்டேன். அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஒலிப்பதிவை நிதானமாகக் கேட்டேன். மூன்றாவது சிட்டைஸ்வரத்தில் அவள் விட்ட இடத்தில் முதல் திருதத்தின் தட்டும் இரண்டாம் திருதத்தின் தட்டும் தெளிவாகக் கேட்கிறது. சமத்தில் சேர்ந்துவிட்டாள். நீங்கள் வகுப்பில் 'நிறுத்து' சொன்னபோதெல்லாம் நேரம் வீணாகிறது என்று நினைத்தேன், உங்களிடம் கேட்டும் இருக்கிறேன். அதற்குப் பதில் இப்போது கிடைத்தது. ஐந்தரைக் கட்டையிலிருந்து ஐந்துக்கு இறக்கியதும் நல்லதாகப் போயிற்று, மேல் காந்தாரத்தில் இந்த முறை கத்தவில்லை. வயலின் அம்மாவுக்கும் மிருதங்கம் வாசித்தவருக்கும் நாங்கள் நன்றி சொல்லாமல் வந்துவிட்டோம். அவர்களிடம் நேரில் பேச விரும்புகிறோம், எப்படி என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஒலிப்பதிவு உங்களுக்கு வேண்டுமானால் பென் டிரைவில் தருகிறேன். இதோடு இருப்பது அவள் எழுதியது, நான் பார்க்கவில்லை."

இதில் புகழ்ச்சியாக ஒரு வார்த்தைகூட இல்லை. எழுதும்போது இரண்டு இடத்தில் "தங்களின் அயராத உழைப்பால்" என்று கை தானாகப் போனது, அடித்துவிட்டேன். அந்த வாக்கியம் எதையும் பார்த்துச் சொல்லவில்லை. தட்டு கேட்கிறது என்று எழுதினால், உட்கார்ந்து கேட்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். எனக்குப் பாட்டுத் தெரியாது, வகுப்பு ஓரத்தில் ஐந்து வருடம் உட்கார்ந்ததில் ஒட்டிக்கொண்டதுதான். அந்த அளவுக்குக்கூடப் பழக்கமில்லாதவர்கள், "இரண்டாவது பாட்டு ஆரம்பிக்கும் முன் கண்ணை மூடி ஒரு மூச்சு எடுத்தாள், அது நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதானே?" என்று எழுதலாம். கேட்டதை, பார்த்ததை எழுதினால் போதும், கலைச்சொல் தேவையில்லை. தெரியாத சொல்லைப் போட்டுத் தப்பாக எழுதினால் அது வேறு மாதிரி ஆகிவிடும். நடனம் கற்பவர்களுக்கும் இதே கதைதான். குழந்தை அடி தவறி, அடுத்த சொற்கட்டில் சேர்ந்துகொண்டது கண்ணுக்கே தெரியும், அந்த இடத்தைக் குறிப்பிட்டால் நட்டுவாங்கம் செய்தவருக்கு உடனே விளங்கும்.

எட்டு நாள் என்பதும் தற்செயல் இல்லை. நிகழ்ச்சிக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் டீச்சருக்குத் தூக்கம் கூடச் சரியாக இருக்காது. எல்லோரும் அப்போதுதான் கூப்பிடுவார்கள். ஆறேழு நாள் கழிந்ததும் அந்த இரைச்சல் அடங்கிவிடும். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் நாமே மறந்துவிடுவோம். அன்று இரவு அரங்கில் சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: "நன்றி டீச்சர், நாளைக்கு அப்புறம் பேசறோம்." அதோடு விலகி, தண்ணீர் பாட்டிலையாவது வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இனி மகள் எழுதியது. அன்று அரங்கில் "டீச்சருக்குத் தாங்க்ஸ் சொல்லு" என்று முதுகில் தட்டினேன். அவள் தரையைப் பார்த்து ஏதோ முனகினாள். பத்து வயசுப் பிள்ளையிடம் பெரியவர்கள் கூட்டத்தில் வேறு என்ன எதிர்பார்ப்பது? ஒரு வாரம் கழித்து நான் கேட்டது வேறு கேள்வி: "மேடையில எந்த இடத்துல டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது?" அவள் யோசிக்கவே இல்லை, உடனே சொல்ல ஆரம்பித்தாள். "சொல்லாதே, அதை அப்படியே எழுதி டீச்சருக்குக் கொடு" என்று தாளைக் கொடுத்தேன். திருத்தக்கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டேன். மடித்துக் கொடுத்தாள். அதில் என்ன இருந்தது என்பது பிறகு டீச்சர் காட்டித்தான் தெரிந்தது. மூன்று வரி: "நான் தொலைஞ்சு போயிட்டேன். கையை நிறுத்தல. வயலின் ஆன்ட்டி என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க, அப்புறம் சமம் வந்துடுச்சு." வயலின்காரர் சிரித்தது எந்த ஒலிப்பதிவிலும் இல்லை. எங்கள் யாருக்கும் தெரியாது.

அந்த வயலின்காரரிடம் பிறகு பேசினோம். டீச்சரிடம் கேட்டுவிட்டு, அவர் சரியென்ற பிறகு. டீச்சரைத் தாண்டி நேராகப் போனால் அதுவும் சரியில்லை, பக்கவாத்தியம் ஏற்பாடு செய்தவர் அவர்தானே. தொலைபேசியில் "நீங்க மூணாவது ஸ்வரத்தை முடிச்சு வச்சீங்களே" என்றதும் எதிர்முனையில் ஒரு சிரிப்பு. "அதைக் கவனிச்சீங்களா? குழந்தைங்க கச்சேரியில அதுக்குத்தான் காதைத் தீட்டிட்டு உட்கார்றது" என்றார். பக்கவாத்தியக்காரர்களுக்குப் பெரும்பாலும் சன்மானத்தோடு கதை முடிந்துவிடுகிறது. இத்தனைக்கும் குழந்தை தடுமாறும்போது கை கொடுப்பது டீச்சர் இல்லை, அவர் கீழே உட்கார்ந்திருப்பார். மேடையில் இருப்பவர்கள் இவர்கள்தான்.

பரிசு விஷயம் கடைசியில் பென் டிரைவில் முடிந்தது. கடிதத்தில் கேட்டிருந்தேன் இல்லையா, டீச்சர் வேண்டும் என்றார். பன்னிரண்டு நிமிடத்தையும் அப்படியே போட்டுக் கொடுத்தால் அவர் தேடிக்கொண்டிருக்க வேண்டும், அதனால் ஒரு துண்டுச் சீட்டில் நேரம் குறித்து வைத்தேன்: இரண்டாம் காலம் எங்கே தொடங்குகிறது, சரணம் எங்கே, குரல் நின்ற இடம் எங்கே, கிருதி எங்கே. கொடுக்கும்போது நான் செய்த உருப்படியான ஒரே காரியம் இந்தச் சீட்டுதான் என்று நினைக்கிறேன். டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, வர்ணம் கற்கும் மற்ற இரண்டு பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று கேட்டார். சட்டென்று "தாராளமா" என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். தவறிய இடம் உள்ள பதிவு அது. மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்து, "நான் இல்லாதப்போ போடச் சொல்லு" என்றாள். அப்படியே செய்தார்கள். நாமே யூடியூபில் போடுவதானாலும் டீச்சரையும் பக்கவாத்தியக்காரர்களையும் கேட்டுத்தான் போட வேண்டும், அவர்கள் வாசிப்பும் அதில் இருக்கிறது.

மாதக் கட்டணத்தையும் இதையும் கலக்காமல் இருப்பது நல்லது. அந்த மாதம் கட்டண உறையிலேயே கூடுதலாக வைத்து "இது உங்க சந்தோஷத்துக்கு" என்று கொடுக்க நினைத்தோம். அப்படிக் கொடுத்தால் எது கட்டணம், எது நன்றி என்று அவருக்குத் தெரியாது, அடுத்த மாதம் பழைய தொகையைக் கொடுக்கும்போது குறைந்த மாதிரி இருக்கும். கொடுக்க வேண்டுமென்றால் தனி நாளில், தனி உறையில், எதற்கு என்று எழுதி.

நன்றியோடு எதையும் கேட்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். என் நெருங்கிய தோழி ஒருத்தி, மகனின் முதல் மேடைக்கு மறுநாள் அவன் டீச்சருக்கு மிக அழகாக ஒரு கடிதம் எழுதினாள். கடைசி வரி: "அடுத்த முறை இவனுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும்." மேலே இருந்த ஒரு பக்கமும் அந்த ஒரு வரிக்கு முன்னுரை ஆகிவிட்டது. எங்களுக்கும் ஒரு குறை இருந்தது. நிகழ்ச்சி முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியதில், பாடும்போது மகளுக்குத் தூக்கம் வரும் நேரம். அதைக் கடிதத்தில் எழுதவில்லை. மூன்று வாரம் கழித்து வேறு பேச்சு வந்தபோது சொன்னேன். டீச்சரும், "ஆமாம்மா, சின்னதுகளை முன்னாடி போட்டிருக்கணும்" என்று அவராகவே சொன்னார்.

இன்னொருவரை நான் கிட்டத்தட்ட விட்டிருப்பேன். இந்த டீச்சரிடம் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் இரண்டு வருடம் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் சொல்லிக் கொடுத்தது வேறொருவர். நாங்கள் வீடு மாறியதால் அங்கே நின்றுபோனது. இப்போதைய டீச்சரிடம் "பழைய டீச்சருக்கும் சொல்லட்டுமா?" என்று தயங்கிக் கேட்டேன். அவருக்கு ஏதாவது தோன்றுமோ என்று பயம். "இன்னுமா சொல்லல? சுருதி சேர்றது அவங்க போட்டது" என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். மகள் வகுப்பில் சேர்ந்த முதல் மாதம் முழுக்க ஸ ப ஸ மட்டும் பாட வைத்தவர் அந்தப் பழைய டீச்சர். நான் அப்போதும் முணுமுணுத்திருக்கிறேன். நாலு வரிச் செய்தியும் பதிவும் அனுப்பினேன். பதில் இரண்டு நாள் கழித்து வந்தது. "கேட்டேன். கீழ் பஞ்சமம் இன்னும் கொஞ்சம் தொங்குது. வரச் சொல்லுங்க ஒரு நாள்."

கடிதத்தைக் கொடுத்த நாளைப் பற்றிச் சொல்லவில்லை. வகுப்புக்குப் போனதும் மகளே கொடுத்தாள். டீச்சர் பிரித்துப் படித்தார். என்னுடையதை ஒரு முறை, அவளுடையதை இரண்டு முறை. ஏதாவது சொல்வார் என்று நான் வாசலில் நின்றேன். அவர் இரண்டையும் மடித்து வர்ணப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, சுருதிப் பெட்டியைப் போட்டார்.

"சரி, உட்கார். மூணாவது சிட்டைஸ்வரம். எங்க விட்டியோ அங்கேயிருந்து பாடு."

அவள் தொடங்கினாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். பாதி ஆவர்த்தனம்கூட ஆகியிருக்காது, உள்ளேயிருந்து டீச்சரின் குரல்: "நிறுத்து."

தட்டு. அப்புறம் ஒன்றும் இல்லை. தட்டு.